தம்பி போட்டுவிட்ட லண்டன் செற்றிங்

நான் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தபடியே வருகை பதிகிறேன் என்று பொறுப்பாளர் மதாம் தொலைபேசியில் சொன்னபோது, நான் ஒரு முதிய பெண்மணியின் குளியலறையில் முழங்காலிட்டுத் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் ஈரத்துணி, மறுகையில் போன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் நுனியில்தான் இருக்கும். ஆனால் அன்று அது வெளியே வரவில்லை.

வீடுகளுக்குப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அது. பாரிசுக்கு வந்து பல வருடங்கள் பிள்ளைகளை வளர்த்து, பிறகு தெரிந்தவர்களின் கடைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்று, கடைசியில் ஒரு பயிற்சி முடித்து, என் பெயரில் ஒழுங்கான ஒப்பந்தத்தோடு கிடைத்த முதல் வேலை. இன்னும் சோதனைக் காலம்தான். அந்தக் காலத்துக்குள் அவர்கள் ‘வேண்டாம்’ என்றால் காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. அதனால் நேரத்துக்கு முன்பே போய், கட்டடத்துக்குக் கீழே குளிரில் நின்று, சரியான நேரத்துக்கு மேலே ஏறுகிறவளாக இருந்தேன். அப்படிப்பட்ட என்னைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு.

“உங்கள் பதிவுகள் எல்லாம் இரவில்தான் வருகின்றன, மதாம். அதுவும் கார்ஜ் லே கொனெஸிலிருந்து. அது உங்கள் வீட்டு முகவரி அல்லவா?” என்றார் அவர். குரல் மிக மரியாதையாக இருந்தது.

“நான் இப்போது இங்கேதான் இருக்கிறேன், மதாம். குளியலறையில்,” என்றேன்.

“அது எனக்குத் தெரியவில்லையே. திரையில் நீங்கள் இல்லை.”

எங்கள் வேலையில் வருகையைப் பதிவது இப்படித்தான். பார்த்துக்கொள்ளும் வீட்டுக் கதவின் உட்புறத்தில் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாலான ஒரு சதுரம் ஒட்டியிருக்கும். உள்ளே நுழைந்ததும் போனில் நிறுவனத்தின் செயலியைத் திறந்து அந்தச் சதுரத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். நான் வந்துவிட்டேன் என்ற செய்தி, நேரத்தோடும் இடத்தோடும் அலுவலகத்துத் திரையில் போய் விழும். நான் ஒவ்வொரு நாளும் தவறாமல் பிடித்தேன். பிடித்ததும் திரையில் ஒரு குட்டி மணிக்கூட்டுப் படம் வரும். நேரத்தைக் குறித்துவிட்டது என்று நினைத்துப் போனைப் பைக்குள் போட்டுவிடுவேன்.

வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லவும் வழியில்லை. அவருக்கு மறதி நோய். மத்தியானம் சாப்பாடு கொடுத்தவள் யாரென்று பின்னேரம் தெரியாது. என்னைப் பார்த்ததற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சாட்சி என் போன்தான். அதுவோ எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

“இன்று பின்னேரம் ஐந்து மணிக்கு உங்களுக்கு அதே வீட்டில் இன்னொரு முறை இருக்கிறது. நானே திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பதிவு அந்த நேரத்தில் அந்த இடத்திலிருந்து வந்தால் பேசலாம். வராவிட்டால் சோதனைக் காலத்தை இத்தோடு முடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்,” என்றார் பொறுப்பாளர்.

கள்ளி என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்தான் எனக்குக் கேட்டது. துணியைப் பிழிந்து காயப்போட்டேன். அந்த அம்மாவுக்குப் போர்வையை இழுத்துவிட்டேன். படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகு அழுதேன். பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கால்கள் வேகமாக நடக்கும்.

முதலில் கணவருக்குத்தான் எடுத்தேன். அவர் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்பவர். மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் கொஞ்சம் ஓய்வு.

“இஞ்சாருங்கோ, இந்தப் போன் வேலை செய்யேல்லை.”

“நேற்று இரவும் உம்மடை அக்காவோடை முகம் பாத்துக் கதைச்சனீர்தானே? வீட்டிலை ஒரு குறையும் இல்லாமல் ஓடுது. உமக்குப் பொத்தானை அமத்தத் தெரியேல்லையாக்கும்.”

“வீட்டிலை ஓடுது. வேலையிலை ஓடேல்லை.”

“போனுக்கு வீடு வேறை வேலை வேறை எண்டு தெரியுமோ?” என்று சிரித்தார்.

நான் இணைப்பைத் துண்டித்தேன். சிரித்ததற்கு இரவு இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அந்தப் போன் வந்த கதையைச் சொல்ல வேண்டும். என்னிடம் முன்பு இருந்தது பொத்தான் வைத்த சின்னப் போன். வேலைக்குச் செயலி போட வேண்டும் என்றதும் லண்டனில் இருக்கும் தம்பி, தான் பாவித்த விலையுயர்ந்த போனைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். எந்தக் கொம்பனியின் சிம்மையும் போடலாம், பூட்டு இல்லாத போன் என்று சொல்லியே அனுப்பினான். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளிநாட்டிலிருந்து ஒரு சகோதரம் ஒரு பொருளைக் கொடுத்தனுப்பினால், அதை வெறுமனே அனுப்பாது. போன் என்றால் தமிழ் எழுத்து, தேவாரப் பாட்டு, பிள்ளைகளின் பழைய படங்கள், எல்லாரின் எண்களும் ஏற்றி, ‘எல்லாம் போட்டிருக்கிறன், ஒண்டிலையும் கை வைக்காதேங்கோ’ என்ற கட்டளையோடுதான் வரும். வாங்குகிறவர்களும் கை வைக்க மாட்டோம். கண்ணாடியின் மேலிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கைக்கூட உரிக்க மாட்டோம். தம்பி வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும்.

அதில் புது சிம்மைப் போட்டது கணவர். சாப்பாட்டு மேசையில் வைத்து, என் தோட்டின் தண்டால் சிம் வைக்கும் சின்னத் தட்டைக் குத்தித் திறந்து, பெரிய சத்திரசிகிச்சை நிபுணர் மாதிரி வியர்க்க வியர்க்கச் செய்தார். சிக்னல் கோடுகள் வந்தன. அழைப்பு வந்தது. இணையமும் ஓடியது. ‘பாத்தீரே?’ என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த மேசைக்குப் பக்கத்தில்தான் பிரெஞ்சுக்காரர் வீஃபி என்று சொல்லும் வைஃபைப் பெட்டி இருக்கிறது என்பதை இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், கைய் வீதிக்குப் பக்கத்தில் இருக்கும் போன் கடைக்கு நேரே போனேன். ஒரு பக்கம் போன் உறைகளும் சார்ஜர்களும், மறுபக்கம் பக்கத்துக் கடைக்காரரின் வாழைப்பூப் பெட்டிகள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட கடைக்காரர் அங்கேயே ஒரு ஸ்டூலில் இருப்பார். தன் தொழிலைப் பற்றி அவருக்கு மிக நல்ல அபிப்பிராயம். வாடிக்கையாளர்களைப் பற்றி அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை.

“என்ன தங்கச்சி, கண்ணாடி உடைஞ்சு போச்சோ?”

“கண்ணாடி இல்லை அண்ணை. என்ரை வேலைதான் உடையப் போகுது. ஐஞ்சு மணிக்கு முன்னம் இதைச் சரிசெய்து தாங்கோ,” என்று நடந்ததைச் சொன்னேன்.

அவர் போனை வாங்கி, தன் கடையின் வீஃபியைக் கொடுத்துப் பார்த்தார். நான் கவுண்டருக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். செயலி திறந்தது. மத்தியானம் நான் பிடித்த பதிவின் பக்கத்தில் இருந்த அந்த மணிக்கூட்டுப் படம், என் கண்முன்னாலேயே பச்சைச் சரி அடையாளமாக மாறியது.

“இந்தா, வேலை செய்யுது!” என்று கத்தினேன்.

“நில்லுங்கோ, நில்லுங்கோ. இது என்ரை வீஃபி. உங்கடை சிம் இன்னும் வாய் திறக்கேல்லை,” என்றார் அவர். பிறகு முகத்தைச் சுருக்கிக்கொண்டு அந்தப் பச்சை அடையாளத்தையே பார்த்தார். “மத்தியானம் பதிஞ்சது இப்பத்தான் போகுது போலை. அந்த மணிக்கூடு எண்டால் இன்னும் போகேல்லை, காத்திருக்குது எண்டு அர்த்தம். இன்ரநெற் கிடைச்ச உடனை, கிடைச்ச இடத்திலை இருந்து போயிருக்குது. அங்கை உங்கடை மதாமுக்கு இப்ப நீங்கள் லா சப்பலிலை நிக்கிறியள் எண்டு காட்டும்.”

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. பகல் முழுவதும் என் வருகைகள் போனுக்குள் அடைபட்டுக் கிடந்திருக்கின்றன. இரவில் நான் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்ததும், வீட்டு வீஃபியைக் கண்டு, எல்லாமாகச் சேர்ந்து பறந்திருக்கின்றன. அலுவலகத்தில் இருப்பவர் என்ன நினைப்பார்? நான் சோபாவில் சாய்ந்துகொண்டு பொத்தானை அமத்துகிறேன் என்றுதான் நினைப்பார். அவருடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் நினைத்திருப்பேன், இன்னும் காரமாகவும் சொல்லியிருப்பேன்.

கடைக்காரர் வீஃபியை நிறுத்தினார். உடனே திரையில் ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்தது.

“இது முந்தியும் வந்ததோ?”

“ஓம், வெளியிலை போனால் வரும். நான் ஓகே எண்டு அமத்திப்போட்டுப் போவன். அமத்தினால் போயிடும்.”

அவர் என்னைப் பார்த்தார். “மொபைல் டேற்றாவைத் தொடங்க ஏலாமல் கிடக்குது எண்டு அது ஒவ்வொரு நாளும் கத்தியிருக்குது. நீங்கள் ஒவ்வொரு நாளும் ஓகே எண்டு சொல்லியிருக்கிறியள்.”

எனக்கு ஆங்கிலம் ஓடாது. தம்பி ஆங்கிலத்தில் வைத்துக் கொடுத்ததை நான் மாற்றவுமில்லை. மூக்குடைபட்டாலும் வாயை விடவில்லை. “அது பிரெஞ்சிலை கத்தியிருந்தால் கேட்டிருப்பன்,” என்றேன்.

பிறகு அவர் வேலையைத் தொடங்கினார். என் சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டார். அதில் இணையம் ஓடியது. சிம்மில் குறையில்லை. பிறகு தன் சிம்மை என் போனில் போட்டார். அதுவும் அழைப்பை எடுத்தது, இணையத்துக்கு மட்டும் அசையவில்லை. “அப்ப பிழை போனிலைதான்,” என்றார்.

“அது நல்ல போன்! என்ரை தம்பி பாவிச்சது.”

“கூடாத போன் எண்டு நான் சொல்லேல்லை. பூட்டுப் போட்ட போன் எண்டால் எங்கடை சிம்மை எடுக்கவே மாட்டாது. இது கோல் எடுக்குது, மெசேஜ் எடுக்குது. டேற்றாவுக்கு மட்டும் வேறை வாசல், தங்கச்சி. ஒவ்வொரு கொம்பனியும் தன்ரை வாசலுக்கு ஒரு பேர் வைச்சிருக்கும். போன் போய் அந்தப் பேரைச் சரியாச் சொன்னால்தான் உள்ளை விடுவினம். கோலுக்கு அந்தப் பேர் தேவையில்லை. உங்கடை போன் ஏதோ பிழையான பேரைச் சொல்லிக்கொண்டு வாசலிலை நிக்குது.”

அது எனக்கு நன்றாகவே விளங்கியது. நானும் கதவுக்கு வெளியே நிற்கிற நிலையில்தான் இருந்தேன்.

அந்தப் பெயரை எழுதும் பக்கத்தைத் தேடிப் போனவர் அங்கே திகைத்துவிட்டார். வழக்கமாக இருக்கும் இடத்தில் எழுதுவதற்கான வரியே இல்லை. மேலும் கீழும் தேய்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். வாடிக்கையாளர் ஒருவர் சார்ஜர் கேட்டு நின்றார், அவரைக் கவனிக்கவில்லை. சுவர் மணிக்கூட்டில் நாலு மணியாகிக்கொண்டிருந்தது. கடைசியில் அமைப்புகளுக்குள் வேறொரு மூலையில் போய், “ஆ!” என்றார்.

“இந்தா கிடக்குது. ஆரோ ஒரு கோப்பை ஏத்தி வைச்சிருக்கினம். லண்டனிலை ஒரு சின்னக் கொம்பனியின்ரை செற்றிங் கோப்பு. என்ன சிம் போட்டாலும் இதுதான் முந்திக்கொண்டு அந்த லண்டன் பேரைச் சொல்லும். இதை அழிச்சால்தான் நாங்கள் எங்கடை பேரை எழுதலாம். அழிக்கட்டோ?”

நான் போனை அவர் கையிலிருந்து பறித்தேன். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. வேலை போகப் போகிறது, சரிசெய்கிறேன் என்று ஒரு மனிதர் சொல்கிறார், நான் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறேன்.

“தம்பி ஏத்தினதை அழிக்க ஏலாது அண்ணை. ஒண்டிலையும் கை வைக்கக் கூடாதெண்டு சொன்னவன். படங்கள் எல்லாம் போயிடும்.”

“படம் போகாது. பாட்டும் போகாது. இந்தக் கோப்பு மட்டும்தான் போகும்.”

“எனக்கெப்படித் தெரியும்?”

“அப்ப தம்பியையே கேளுங்கோ,” என்றார் அவர், ஸ்டூலில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு. அவருக்கும் கோபம் வந்துவிட்டது.

தம்பிக்கு எடுத்தேன். சத்தத்தைக் கூட்டிக் கவுண்டரில் வைத்தேன். அவன் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்பவன். பின்னால் வண்டிகள் பீப், பீப் என்று சத்தமிட்டன.

“அக்கா, வேலையிலை நிக்கிறன், என்ன?”

நான் பாதி சொல்லும்போதே அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. “ஐயோ, அதோ! மலிவெண்டு ஒரு கொம்பனியிலை இருந்தனான் அக்கா. சிம் போட்ட நேரம் அவங்கள் ஒரு லிங்க் அனுப்பினவங்கள். அதை அமத்தினால் செற்றிங் எல்லாம் தானா ஏறும். அதுதான் கிடக்குது.”

“அதை ஏன்ரா அழிக்காமல் அனுப்பினனீ?”

“நெற் நல்லா ஓடின செற்றிங்தானே. உங்களுக்கு ஒரு கரைச்சலும் வரக்கூடாதெண்டு விட்டனான்.”

“எனக்குக் கரைச்சல் வராமலிருக்க நீ செய்த வேலையாலை என்ரை வேலை போகப் பாக்குது!” என்று கத்தினேன். சார்ஜர் வாங்க வந்தவர் இரண்டடி பின்னால் போனார்.

பீப் சத்தம் தூரமானது; தம்பி தள்ளிப் போய் நின்றிருக்க வேண்டும். பிறகு, “கடைக்கார அண்ணை நிக்கிறாரோ? அண்ணை, அதை அழியுங்கோ. அக்கா, கை வைக்காதேங்கோ எண்டு நான் சொன்னது பிழை. உங்கடை போன் அது. என்ன வேணுமோ செய்யுங்கோ,” என்றான்.

அவன் குரல் சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்கும்போது இருப்பது போல இருந்தது. எனக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. “சரி, சரி. சாப்பிட்டனியோ?” என்று கேட்டேன். கடைக்காரர் கூரையைப் பார்த்தார்.

அழிக்கும்போது போன் அதன் இரகசிய எண்ணைக் கேட்டது. திரும்பி நின்று நானே அடித்தேன். கோப்பு போய்விட்டது. முதல் வேலையாகப் படங்களைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தன. கடைக்காரர் கையை நீட்டிப் போனைத் திரும்ப வாங்கினார். போனை நிறுத்தித் திரும்பப் போட்டார். இந்த முறை, முன்பு காணாமல் போயிருந்த அந்தப் பக்கம் வந்தது. வெறுமையாக ஒரு வரி, பெயருக்காகக் காத்துக்கொண்டு.

“சில கொம்பனிக்கு இது தானாகவே நிரம்பும். உங்கடை கொம்பனி சின்னன். பெரிய கொம்பனி ஒண்டின்ரை சிக்னல் கம்பங்களிலை ஓடுறது. நாங்கள்தான் எழுதவேணும்,” என்று சொல்லிக்கொண்டே, மனப்பாடமாக ஒரு பெயரை எழுதினார். முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு.

ஓடவில்லை. மறுபடியும் அந்தச் சின்னப் பெட்டி.

“ஓகே அமத்தட்டோ?” என்று கேட்டேன். எனக்கு அப்படிப்பட்ட நாக்கு.

அவருடைய சிரிப்பு மறைந்தது. விமானப் பயணத்தில் போடும் பொத்தானை அமத்தி எடுத்தார். சரிவரவில்லை. சிம்மைக் கழற்றி ஊதிப் போட்டார். சரிவரவில்லை. நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில் புறப்பட வேண்டும். போன் சரியானாலும் நான் பிந்திப் போனால் என்ன பயன்? பேசாமல் போய், இன்றைக்கும் மணிக்கூட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து பழையபடி யாருடைய கடையிலாவது நிற்க வேண்டியதுதான் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்பு என்னை உண்மையாகவே பயப்படுத்தியது.

“அண்ணை, நீங்கள் எழுதினது ஆரின்ரை பேர்?”

“பெரிய கொம்பனியின்ரை. அவங்கடை கம்பத்திலைதானே ஓடுது.”

“நான் காசு கட்டுறது சின்னக் கொம்பனிக்கெல்லோ? கம்பம் ஆரின்ரையாவது இருக்கட்டும், வாசல் ஆரின்ரை?”

அவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் பெரிதாகத் தெரிந்து கேட்கவில்லை. கொஞ்சம் முன்பு அவரே சொன்ன வாசல் கதையைத்தான் திருப்பிக் கேட்டேன். அவர் கணினியில் என் கொம்பனியின் பக்கத்தைத் தேடி எடுத்து, அங்கே போட்டிருந்த பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடித்தார். “மற்ற வரிகளை வெறுமையா விடச்சொல்லிக் கிடக்குது,” என்று முணுமுணுத்தார். விமானப் பொத்தானை மறுபடி அமத்தி எடுத்தார்.

கோடுகள் மறைந்து, திரும்ப வந்தன. பக்கத்தில் 4G என்று எழுந்தது. பெட்டி வரவில்லை. வாழைப்பூ என்று தேடினார், ஏன் வாழைப்பூ என்று தெரியாது, கண்முன்னால் அதுதான் இருந்தது போல. திரை முழுக்க வாழைப்பூக்கள் வந்து நிரம்பின.

“வீஃபி நிப்பாட்டித்தானே கிடக்குது?” என்று கேட்டேன்.

“உங்களுக்கு நம்பிக்கை வராது. வெளியிலை போய்ப் பாத்திட்டு வாங்கோ.”

வெளியே ஓடினேன். மெத்ரோ ரயில் போகும் இரும்புப் பாலத்துக்குக் கீழே, ஆட்கள் இடித்துக்கொண்டு போகும் இடத்தில் நின்று, கணவருக்குப் படத்தோடு அழைப்பு எடுத்தேன். சமையலறை ஏப்ரனோடு அவர் முகம் வந்தது.

“எங்கை நிக்கிறீர், வீட்டுக்கு வந்திட்டீரோ?”

“வீட்டிலை இல்லை. றோட்டிலை நிக்கிறன். நல்லாப் பாருங்கோ,” என்று போனைச் சுற்றிக் காட்டினேன். பாலம், சிக்னல், கோபத்தில் ஹோர்ன் அடிக்கும் வண்டிகள் எல்லாவற்றையும் காட்டினேன். “உங்கடை கெட்டித்தனமெல்லாம் வீட்டு வீஃபியிலைதான் ஓடினது.”

அவர் எதற்கோ வாயைத் திறந்தார். ஆனால் என் முகத்தைப் பார்த்ததும், “சரி, கெதியாப் போம். நேரமாகுது,” என்றார். நல்ல மனிதர்தான். சில நேரங்களில் மட்டும் சத்திரசிகிச்சை நிபுணர் ஆகிவிடுவார்.

கடைக்காரருக்குக் கையாட்டிவிட்டு நடந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் ஓடினேன். அந்த முதிய அம்மா இருக்கும் கட்டடத்தின் மின்தூக்கி மிகப் பழையது. உள்ளே நுழைந்ததும் போனில் கோடுகள் எல்லாம் அழிந்தன. அது மேலே ஏறும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் இரண்டு கோடுகள் எழுந்தன. இரண்டு போதுமா என்று தெரியாது. கதவைத் திறந்து உள்ளே போய், மேலங்கியைக்கூடக் கழற்றாமல், செயலியைத் திறந்து அந்தச் சதுரத்துக்கு நேரே பிடித்தேன்.

மணிக்கூட்டுப் படம் வந்தது. எனக்கு உயிர் போய்விட்டது. மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் அசைந்து, மறைந்து, பச்சை அடையாளம் வந்தது. அங்கேயே கதவில் நெற்றியை வைத்து நின்றேன். அவ்வளவு சந்தோஷம், அவ்வளவு களைப்பு.

உள்ளேயிருந்து அந்த அம்மா, “யார் அது?” என்று கேட்டார். பதில் சொல்லுமுன் போன் அடித்தது. பொறுப்பாளர் மதாம்.

“இப்போது நீங்கள் வந்திருப்பது எனக்குத் தெரிகிறது,” என்றார்.

பிரெஞ்சில் கோபப்பட எனக்கு வராது. சொற்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கோபம் ஆறிவிடும். அன்று மட்டும் வசனம் முழுதாக வந்தது. “நான் எல்லா நாளும் வந்தேன், மதாம். உங்களுக்குத் தெரிந்ததுதான் இன்று.”

நான் நடந்ததை எனக்கு வந்த பிரெஞ்சில் சொன்னேன். புது சிம், பழைய செற்றிங், வீட்டு வீஃபி, மத்தியானத்துப் பதிவு லா சப்பலிலிருந்து வந்த விதம். அந்தக் கடைசி விடயத்தைச் சொன்னதும், “ஆமாம், அது நாலு மணிக்குக் கிட்ட வந்தது. கடைத்தெருவிலிருந்து. இன்னும் மோசமாக நினைத்தேன்,” என்றார். பழைய நாட்களின் பதிவுகளையெல்லாம் திருத்தி எழுதுவதாகச் சொன்னார். வேலை தொடரும் என்றார். பிறகு குரல் மாறியது.

“போன மாதம் இன்னொரு பெண்ணை இதே காரணத்துக்காக நிறுத்தினேன். அவளுடைய பதிவுகளும் இரவில்தான் வந்தன. அவளும் புது சிம் போட்டதாகச் சொன்னாள். சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.”

நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அதைக் கேட்டேன். “அவரைக் கூப்பிடுங்கள், மதாம். முதலில் போனைக் காட்டச் சொல்லுங்கள். எங்கே சரிசெய்வதென்று எனக்குத் தெரியும்,” என்றேன்.

“கூப்பிடுகிறேன்,” என்றார் அவர்.

கூப்பிட்டார். சில நாட்கள் கழித்து, கார் து நோர் ரயில் நிலையத்தின் முன்வாசலில், மாலி நாட்டைச் சேர்ந்த, என் வயதுடைய அந்தப் பெண் கையில் போனோடு எனக்காகக் காத்திருந்தாள். அவளைக் கைய் வீதிக் கடைக்குக் கூட்டிப் போனேன். அவளுடைய போனில் கோப்பு எதுவும் இருக்கவில்லை. வாசலின் பெயர்தான் பெரிய கொம்பனியுடையதாக இருந்தது. கடைக்காரர் இந்த முறை மனப்பாடத்தில் எழுதவில்லை. பார்த்து எழுதினார். விமானப் பொத்தானை அமத்தி எடுத்ததும் கோடுகளுக்குப் பக்கத்தில் 4G வந்தது.

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனைப் பையில் வைக்காமல், என் பக்கம் திரும்பி, “நானும் எல்லா நாளும் போனேன்,” என்றாள்.

“தெரியும்,” என்றேன்.